வங்கியின் இடைவெளி

“டெபாசிட்டுக்கு ஆறரை தர்றாங்க, கடனுக்கு ஒன்பது வாங்குறாங்க. நடுவுல இருக்கிற ரெண்டரைதானே பேங்குக்கு?” டீக்கடையில் ஒரு நண்பர் கேட்டார். இல்லை, அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். வங்கிக்கு வரும் பணமெல்லாம் ஆறரை வட்டிக்கு வருவதில்லை என்பதுதான் காரணம்.

உதாரணத்துக்கு, மக்கள் போட்ட பணம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 ரூபாய் நிரந்தர வைப்பு. ஆறரை சதவீதத்தில் ஆண்டுக்கு 3.90 ரூபாய் வட்டி. சேமிப்புக் கணக்குகளில் 30 ரூபாய் கிடக்கிறது. அதற்கு இரண்டரை சதவீதம்தான், 75 காசு. வியாபாரிகளின் நடப்புக் கணக்கில் இருக்கும் மீதி 10 ரூபாய்க்கு வட்டியே கிடையாது. ஆக மொத்தச் செலவு 4.65.

இனி வரவு. 3 ரூபாயை ரிசர்வ் வங்கியில் வைத்தாக வேண்டும், அதற்கு வட்டி வராது. 18 ரூபாய் அரசுப் பத்திரங்களுக்குப் போகிறது. ஆறரை சதவீதத்தில் 1.17 வரும். மிச்சம் 79 ரூபாய் ஒன்பது சதவீதக் கடன்: 7.11. மொத்தம் 8.28. செலவைக் கழித்தால் 3.63 ரூபாய். இதை வட்டி ஈட்டும் 97 ரூபாயால் வகுத்தால் சுமார் 3.74 சதவீதம். இதுதான் நிகர வட்டி வரம்பு. சம்பளம், வாடகை, வாராக்கடன் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும்.

சேமிப்புக் கணக்கில் நாம் கவனிக்காமல் விட்டுவைக்கும் பணம் வங்கிக்கு எவ்வளவு மலிவு என்பது இங்கே தெரிகிறது. கையிருப்பு தேவைக்கு மேல் இருந்தால் நிரந்தர வைப்புக்கு மாற்றிவிடுங்கள் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

இந்த வரம்பு நிலையாக நிற்பதுமில்லை. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.50-லிருந்து 5.50 ஆக்கியது. ரெப்போவோடு இணைத்த வீட்டுக்கடன்களுக்கு மூன்று மாதத்துக்குள் வட்டி குறைந்துவிடும். நிரந்தர வைப்போ முதிரும்வரை பழைய வட்டியையே கேட்கும். நம் கணக்கில் கடனில் பாதி அப்படி இணைந்திருந்தால் ஆண்டு வரவு 40 காசு இறங்கும், வரம்பு 3.34 சதவீதத்துக்கு வரும். பழைய வைப்புகள் முதிர்ந்து, குறைந்த வட்டிக்குப் புதுப்பிக்கப்பட்ட பிறகே அது மீளும். 2022 மே முதல் நடந்தது இதற்கு நேர்மாறு. ரெப்போ 4-லிருந்து படிப்படியாக ஏற, கடன் வட்டி முந்திக்கொண்டது. வங்கிகளின் வரம்பு விரிந்தது.

வரம்பு பெரிதாக இருக்கிறதென்று ஒரு வங்கியைப் பாராட்டும் முன், அது யாருக்குக் கடன் கொடுத்தது என்று பாருங்கள். அடமானமில்லாத சிறுகடனுக்கு இருபது சதவீதத்துக்கு மேல் வாங்கினால் வரம்பு கொழுத்துத்தான் தெரியும். அந்தக் கடன்கள் திரும்பாமல் போனால் ஒதுக்க வேண்டிய தொகை இந்தக் கணக்கில் வருவதே இல்லை. லாப நட்டக் கணக்கில் அது கீழே தனி வரியாக இருக்கும்.