பூட்டைத் திறக்காமலே செய்யும் முதல் வேலை

பைத்தான் மொழியை உருவாக்கிப் பராமரிப்பவர்களில் தன்னார்வலர்கள் ஏராளம். அதன் மூலநிரல் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் படிக்கும்படி இருக்கிறது. திருத்தத்தை யாரும் முன்மொழியலாம். ஆனால் அதை மூலநிரலில் சேர்க்கும் உரிமை சிலருக்கே உண்டு.

அந்த உரிமைக்கு முந்தைய படி ‘ட்ரையாஜ்’. "விண்டோஸில் ஜிப் கோப்பு திறக்கவில்லை" என்று ஒருவர் புகார் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ட்ரையாஜ் செய்பவர், எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு, என்ன செய்தபோது பிழை வந்தது என்று கேட்பார். பிறகு தன் கணினியில் அதே பிழையை வரவழைத்துப் பார்ப்பார். பிழை வந்தால் `type-bug`, `OS-windows` என்ற அடையாளச் சீட்டுகளை ஒட்டுவார். ஏற்கெனவே பதிவான புகார் என்றால் பழையதைச் சுட்டிக்காட்டி இதை மூடிவிடுவார். நிரலில் ஒரு வரியைக்கூட அவரால் மாற்ற முடியாது.

அறிமுகம் குறைந்த ஒருவருக்கும் இந்தப் பொறுப்பைத் தர முடிவதற்குக் காரணம் ஒன்றுதான்: இங்கே நேரும் தவறுகளைச் சரிசெய்வது எளிது. தவறாக மூடிய புகாரை மறுபடி திறக்கலாம், ஒட்டிய சீட்டை எடுத்துவிடலாம். பிழையான நிரல் அப்படியல்ல. அது வெளியீட்டில் சேர்ந்துவிட்டால் உலகெங்கும் கணினிகளில் போய் உட்கார்ந்துவிடும்.

அதனால்தான் அடுத்த படிக்குத் தேர்வு கடுமை. பைத்தான் மையக் குழுவில் சேர, இருக்கும் உறுப்பினர்கள் ஒரு வாரம் வாக்களிப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதன் பிறகும் வழிநடத்தும் குழு மறுக்கலாம். வாக்களிப்பவர்கள் எதைப் பார்த்து முடிவெடுப்பது? பல மாதங்கள் அவர் புகார்களைக் கையாண்ட விதத்தையும், பிறர் திருத்தங்களில் கண்டுபிடித்த குறைகளையும், தன் குறையைச் சுட்டியபோது நடந்துகொண்ட முறையையும்தான்.

ஆனால் நீண்டகால உழைப்பு மட்டுமே போதுமான சான்று இல்லை. எக்ஸ்இஸட் என்ற சுருக்கும் மென்பொருளில் ஒருவர் 2021 முதல் திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை பெற்றார். அதைப் பெரும்பாலும் தனியாகப் பராமரித்துக் களைத்திருந்தவர், அவரை இணைப் பராமரிப்பாளராக ஏற்றார். புதியவர் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட பதிப்பில் ரகசியப் பின்வாசல் ஒன்று இருந்தது. தொலைக் கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், காரணத்தைத் துருவி மார்ச் இறுதியில் அதைக் கண்டுபிடித்தார்.

பின்வாசலை இயக்கும் முக்கியப் பகுதி பொதுவில் தெரியும் நிரலில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. அந்தப் பொதியைத் தயாரித்தவர் ஒருவரே, இன்னொருவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆகவே உயர்ந்த உரிமையைத் தரும் திட்டங்கள், நல்ல ஆளைத் தேர்ந்தெடுப்பதோடு நிறுத்தக் கூடாது. அவர் செய்வதைப் பார்க்க இரண்டாவது ஆள் எப்போதும் இருக்க வேண்டும்.