துண்டு போட்டு இடம் பிடிக்கும் காபி

விரத நாளன்று மதியத்துக்குமேல் தலை விண்விண் என்று தெறிக்கும். வெறும் வயிறு, அதனால்தான் என்பார்கள் வீட்டில். பலருக்கு அது பசித் தலைவலியே இல்லை. காலையில் காபி உள்ளே போகாத தலைவலி. காபியை மட்டும் விலக்காமல் விரதம் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், புரியும்.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. நரம்பணுக்களில் அதற்கென்று இருக்கைகள் உண்டு, ஏற்பிகள் என்பார்கள். அங்கே அது போய் உட்கார உட்காரக் கண் சொருகும். காஃபீனின் வடிவம் அடினோசினை ஒத்தது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த வேலைதான் அதற்கு. துண்டு எதுவும் செய்யாது. ஆனால் அது கிடக்கும்வரை அடினோசின் உட்கார முடியாது.

தினமும் துண்டு விழுந்தால் மூளை சும்மா இருக்குமா? கூடுதல் இருக்கைகளைப் போட்டுவிடுகிறது. எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். முன்பு ஒரு தம்ளர் அடைத்த இடத்தை இப்போது அதே தம்ளரால் அடைக்க முடிவதில்லை.

தினம் நான்கு தம்ளர் ஃபில்டர் காபி குடிக்கும் ஒரு கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். காலை 6, 8, 11, மாலை 5 மணி. காஃபீனில் பாதி உடம்பிலிருந்து நீங்கவே சராசரியாக ஐந்து மணி நேரமாகும். ஆக, இரவு பத்து மணிக்கும் மாலைக் காபியில் பாதி உள்ளேயே இருக்கும். தூக்கம் மேலோட்டமாகும். விடியும்போது காஃபீன் வற்றி, இருக்கைகளெல்லாம் காலியாகக் கிடக்க, அடினோசின் மொத்தமாக ஏறி உட்காரும். ஆறு மணித் தம்ளர் அவருக்குச் சுறுசுறுப்பு தருவதைவிட, இந்த மந்தத்தைச் சரிக்கட்டவே பெரும்பாலும் செலவாகிறது.

ஒரேயடியாக நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். காஃபீன் சுருக்கி வைத்திருந்த மூளை இரத்தக் குழாய்கள் விரிவதுதான் காரணம். முதல் இரண்டு நாள் மோசம். சிலருக்கு ஒன்பது நாள்வரை இழுக்கும். கூடவே அசதி, எரிச்சல். ஒரு வாய் காபி போய் ஒரு மணி நேரத்துக்குள் வலி அடங்கினால் சந்தேகமே வேண்டாம்.

அதனால் படிப்படியாகக் குறைப்பதே நல்லது. கடைக்காரர் முதலில் மாலைத் தம்ளரை விடட்டும். மூன்று நான்கு நாள் கழித்து 11 மணித் தம்ளர். அப்புறம் எட்டு மணிக் காபியில் டிகாஷனைப் பாதியாக்கிப் பாலைக் கூட்டலாம். சிக்கரியில் காஃபீன் கிடையாது என்பதால், சிக்கரி அதிகமுள்ள பொடிக்கு மாறுவதும் ஒரு வழி. நிறமும் கசப்பும் அப்படியே இருக்கும், நாக்கும் அவ்வளவாக முறைக்காது. இப்படி இரண்டு வாரத்தில் காபியே இல்லாத நிலைக்கு வந்து, சில நாள் அப்படியே இருந்தால் கூடுதல் இருக்கைகள் குறையும்.

இடையில் தலைவலி மாத்திரை போடுபவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சில மாத்திரைகளில் காஃபீனும் சேர்ந்திருக்கும். அதைப் போட்டுக்கொண்டு காபியை நிறுத்திவிட்டோம் என்று கணக்கு வைத்தால் கணக்கு தப்பும். டீயும் கோலாவும் இதே கணக்கில்தான் வரும்.