திரும்பி வந்த சரக்கை இரண்டு முறை கழிக்கலாமா?

கடைத்தெருக் கணக்குகள் – 9

"காசு கைக்கு வந்த விற்பனைக்கு மட்டுமே கொமிஷன், திரும்பி வரும் சரக்கு அதில் கழிக்கப்படும்." விற்பனை முகவரோடு செய்யும் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி எழுதுவது நியாயமானதுதான். திருகோணமலைக் கரையில் அதற்கு இன்னும் வலுவான காரணம் உண்டு. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்டால் கடல் கொந்தளிக்கும், சிறு படகுகள் கரையேறிவிடும். குச்சவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கடைகளின் கடன்கொப்பி அந்த மாதங்களில்தான் தடிக்கும். ஓடர் எழுதியதுமே கொமிஷன் என்றால், விற்காது என்று தெரிந்த சரக்கையும் கடைக்குள் தள்ளிவிட்டு வர முகவருக்கு ஆசை வரும். காசு வந்த பிறகு கொமிஷன் என்றால், கடைக்காரரால் எவ்வளவு விற்க முடியும் என்று பார்த்துத்தான் அவர் எழுதுவார்.

அந்த ஒரு வரியை மாதக் கணக்காக மாற்றும் இடத்தில்தான் தவறு நுழைகிறது. பெரும்பாலும் அது கணக்கெழுதுபவர் அறியாமலே நுழைகிறது. இழப்பு முகவருக்கு.

காசு எப்போது "வந்தது" என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். கடைக்காரர் செக் கொடுத்த நாளையா, வங்கியில் காசு சேர்ந்த நாளையா எடுப்பது? சேர்ந்த நாளைத்தான். இலங்கையில் 2006 முதல் காசோலையின் படத்தை அனுப்பியே தீர்வு நடப்பதால், வைப்பிலிட்ட செக் சரியா, திரும்பியதா என்பது பெரும்பாலும் அடுத்த வேலைநாளிலேயே தெரிந்துவிடும். ஆகவே காத்திருப்பதில் யாருக்கும் நட்டமில்லை. பின்திகதியிட்ட செக் என்றால் அந்தத் திகதி வந்து, வங்கி ஏற்ற பிறகே அது காசு. அடுத்தது வற் வரி. 2024 ஜனவரியிலிருந்து அது 18 சதவீதம். வரி அரசுக்குப் போகும் பணம், அதற்குக் கொமிஷன் கிடையாது. 1,18,000 ரூபா வந்தால் 1.18 ஆல் வகுத்து, 1,00,000 ரூபாவுக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, எல்லாம் வரி நீங்கலானவை. கொமிஷன் 3 சதவீதம்.

நவம்பரில் முகவர் மூன்று கடைகளுக்கு விற்கிறார். கிண்ணியாக் கடைக்கு 2,00,000 ரூபா, அது அந்த மாதமே முழுதாக வந்துவிட்டது. மூதூர்க் கடைக்கு 1,50,000 ரூபா, டிசம்பர் 10 திகதியிட்ட செக். குச்சவெளிக் கடைக்கு 1,20,000 ரூபா. அந்தக் கடைக்காரர் 40,000 காசாகக் கொடுத்தார், 30,000 ரூபாச் சரக்கைத் திருப்பி அனுப்பினார், மிச்சம் 50,000 ரூபாவுக்குத் தவணை கேட்டார். இவற்றோடு நகரத்துக் கடையொன்று, ஒக்டோபரில் காசு கட்டி வாங்கியதில் 20,000 ரூபாச் சரக்கை நவம்பரில் திருப்பியது. ஒக்டோபர் கொமிஷன் முகவருக்கு ஏற்கெனவே போய்விட்டது.

நவம்பரில் வந்த காசு 2,40,000. திரும்பிய சரக்கு மொத்தம் 50,000. அவசரத்தில் கணக்கெழுதுபவர் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, 1,90,000 ரூபாவுக்கு 5,700 ரூபா என்று எழுதிவிடுவார். ஒப்பந்த வரியை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் அப்படித்தான் வரும். ஆனால் அது பிழை.

குச்சவெளியில் திரும்பிய 30,000 ரூபாச் சரக்குக்குக் கடைக்காரர் இன்னும் காசு கட்டவில்லை. காசு வராததால் அதற்குக் கொமிஷனும் எழுதப்படவில்லை. எழுதாத கொமிஷனை எங்கிருந்து கழிப்பது? அந்தச் சரக்கு கடைக்காரரின் பாக்கியைத்தான் குறைக்கிறது, முகவரின் வருமானத்தைத் தொடக்கூடாது. நகரத்துக் கடையின் 20,000 வேறு வகை. அதற்குக் காசு வந்தது, கொமிஷனும் போனது, ஆகவே திரும்பும்போது கழிப்பது முறை. சரியான கணக்கில் 2,40,000 இலிருந்து 20,000 மட்டும் போகும். மீதி 2,20,000 ரூபாவுக்குக் கொமிஷன் 6,600 ரூபா. பிழையான கணக்கு முகவரின் கையிலிருந்து 900 ரூபாவை எடுத்துவிட்டது.

இந்தப் பிழை ஒரு மாதத் தாளை மட்டும் பார்த்தால் தெரியாது. மூன்று நான்கு மாதங்களைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும். மேலே சொன்ன கணக்கை டிசம்பருக்குக் கொண்டுபோவோம். மூதூர்ச் செக் நிறைவேறி 1,50,000 வருகிறது, குச்சவெளி மிச்சம் 50,000 வருகிறது. கொமிஷன் 6,000. இரண்டு மாதமும் சேர்த்து 12,600 ரூபா. இப்போது வேறு வழியில் பாருங்கள். நவம்பர் விற்பனை 4,70,000. திரும்பிய சரக்கு 50,000. மீதி 4,20,000 ரூபாவுக்கு 3 சதவீதம், அதே 12,600. பாக்கி எல்லாம் தீர்ந்த பிறகு இந்த இரண்டு தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். முகவருக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவென்றால், ஏதோ ஒரு சரக்கு இரண்டு தரம் கழிக்கப்பட்டிருக்கிறது. கூடுதலென்றால், திரும்பிய செக் ஒன்று வந்த காசாக எழுதப்பட்டிருக்கும்.

திரும்பிய சரக்குக்குப் பதிலாகப் புதுச்சரக்கு கொடுக்கும் வழக்கமும் உண்டு. நனைந்த பெட்டியை எடுத்துக்கொண்டு நல்ல பெட்டியைக் கொடுத்தால் அங்கே விற்பனை குறையவில்லை, கடைக்காரர் கட்ட வேண்டிய காசும் மாறவில்லை. அதைத் "திரும்பியது" என்ற பத்தியில் எழுதிக் கழிப்பதும், நான் சொன்ன பிழையின் இன்னொரு முகம்தான்.

யாருடைய குறையால் சரக்கு திரும்பியது என்ற கேள்வியும் இருக்கிறது. காலாவதிக்கு இரண்டு வாரமே இருக்கும் பெட்டிகளை நிறுவனம் லொறியில் ஏற்றிவிட்டால், அவை திரும்பத்தான் செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 1986 இல் வணிக முகவர்களுக்காகக் கொண்டுவந்த பணிப்புரை இதைத் தெளிவாகத் தீர்த்தது. வாங்குபவரோடு செய்த ஒப்பந்தம் நிறைவேறாமல் போய், அதற்கு நிறுவனம் காரணமாக இல்லாதபோதுதான் முகவரின் கொமிஷன் உரிமை அற்றுப்போகும். கணக்குத்தாளைக் கேட்டுப் பெறும் உரிமையும் அதில் உண்டு.

நம் நாட்டில் 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளையின் 3 ஆம் பிரிவு, முதல்வர்–முகவர் விவகாரங்களுக்கு ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்ட மரபில் முகவரின் கொமிஷனை நிர்ணயிப்பது ஒப்பந்தத்தின் வாசகமே. 1941 இல் லக்சர் எதிர் கூப்பர் என்ற வழக்கில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை இதை அழுத்தமாகச் சொன்னது. வாங்குபவரைக் கொண்டுவந்த முகவருக்கு, விற்பனை நிறைவேறாததால் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் அப்படி எழுதப்பட்டிருந்தது.

ஆகவே திருகோணமலையில் இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியோடு இன்னும் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள். கொமிஷன் ஏற்கெனவே கொடுக்கப்பட்ட சரக்கு திரும்பினால் மட்டுமே கழிவு. நிறுவனத்தின் குறையால் திரும்பினால் கழிவு இல்லை. காசு வந்து 90 நாள் கடந்த பின் திரும்பும் சரக்கு முகவரின் கணக்குக்கு வராது. நாள் எண்ணிக்கையை உங்கள் சரக்கின் ஆயுளுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். மாதத் தாளில் ஒவ்வொரு இன்வொயிஸ் இலக்கத்துக்கும் எதிரே வந்த காசு, திரும்பிய சரக்கு, முன்பு கொடுத்த கொமிஷன் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.