201 வந்தால் போதுமா?

பொறியியல் கல்லூரியின் கடைசி ஆண்டில் மென்பொருள் நிறுவனத்துக்கு இன்டர்னாகப் போகும் பலருக்கு ஆரம்பத்தில் வந்து சேரும் வேலை ஒன்று உண்டு. 'இந்த சர்வீஸ் சரியாக ஓடுகிறதா என்று போஸ்ட்மேனில் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்' என்பார் டீம் லீடர். இதைக் கேட்டால் பொத்தானை அழுத்திப் பதிலைப் படிக்கிற வேலைபோலத் தோன்றும். ஆனால் எதை அனுப்ப வேண்டும், வந்த பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற இரண்டும் தெரிந்தால்தான் அது சோதனை ஆகும்.

போஸ்ட்மேன் 2012-இல் பெங்களூரில் அபினவ் அஸ்தானா என்ற இளைஞர் குரோம் பிரௌசருக்கான ஒரு சிறு துணைக்கருவியாக எழுதியது. இன்று அது தனி மென்பொருள். திரையும் பொத்தான்களும் இல்லாமல் பின்னணியில் மட்டும் ஓடும் ஒரு சர்வீஸுக்கு நாமே கோரிக்கை அனுப்பி, அது தரும் பதிலை அப்படியே பார்க்க அது உதவுகிறது.

ஒரு நூலகப் புத்தகப் பதிவை எடுத்துக்கொள்வோம். ஜாவா மொழியில் ஸ்பிரிங் பூட் கொண்டு எழுதிய சின்ன சர்வீஸ் அது. புத்தகத்தைச் சேர்க்கும், எண்ணைக் கொடுத்தால் விவரம் தரும். உங்கள் மடிக்கணினியிலேயே ஓடுவதால் அதன் முகவரி `http://localhost:8080/books`. இதில் localhost என்பது இதே கணினியைக் குறிக்கிறது. 8080 என்பது ஸ்பிரிங் பூட் வழக்கமாகக் காது கொடுத்துக் காத்திருக்கும் வாசல் எண். சர்வீஸைத் தொடங்க மறந்திருந்தால் போஸ்ட்மேன் `ECONNREFUSED` என்று காட்டும். அப்போது கோரிக்கை சர்வீஸைப் போய்ச் சேரவே இல்லை. ஆகவே நிரலில் பிழை தேடுவது வீண்.

புதுப் புத்தகம் சேர்க்க, முகவரிப் பெட்டிக்கு இடப்பக்கம் POST என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே Body, அதில் raw, அதன் ஓரத்தில் JSON. இந்தக் கடைசித் தேர்வு முக்கியமானது. அது Text என்றே இருந்துவிட்டால், அனுப்புவது வெறும் எழுத்து என்று போஸ்ட்மேன் சர்வீஸுக்கு அறிவித்துவிடும். சர்வீஸ் 415 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பி, 'இந்த வகை எனக்கு ஏற்பில்லை' என்று மறுக்கும். சரியாகத் தேர்ந்த பிறகு இதை அனுப்புவோம்:

```
{
  "title": "நெல் சாகுபடி",
  "copies": 3
}
```

`201 Created` என்று பதில் வருகிறது. 201 என்றால் புதிதாக ஒன்று உருவாகிவிட்டது என்று பொருள். கூடவே புத்தகத்துக்கு 41 என்ற எண்ணும், நாம் அனுப்பிய தலைப்பும், பிரதிக் கணக்கும் அப்படியே வருகின்றன. பல இன்டர்ன்கள் இந்த இடத்தில் 'ஓகே' என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள்.

போகக் கூடாது. POST-க்கு வந்த பதில், வேலை முடிந்தது என்று சர்வீஸ் தன் வாயால் சொல்வது. சேமித்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதை அது காட்டாது. இப்போது GET-க்கு மாறி, `http://localhost:8080/books/41` என்று கேட்டுப் பாருங்கள். சில கணினிகளில் இப்படியும் வரும்:

```
{
  "id": 41,
  "title": "???? ???????",
  "copies": 3
}
```

நிலைக் குறியீடு 200, அதாவது எல்லாம் நலம் என்கிறது. ஆனால் புத்தகத்தின் பெயரையே காணோம்.

நடந்தது இதுதான். சர்வீஸ் நாம் அனுப்பிய தலைப்பை முதலில் தன் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டது, பிறகு தரவுத்தளத்துக்கு அனுப்பியது. POST-க்குத் தந்த பதிலை நினைவகத்தில் இருந்த பிரதியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அதனால் தமிழ் சரியாகத் தெரிந்தது. தரவுத்தளமோ பழைய மைஎஸ்க்யூஎல். அதன் 5.7 பதிப்பு வரை, யாரும் மாற்றாவிட்டால் latin1 என்ற எழுத்துத் தொகுப்பையே பயன்படுத்தும். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான அந்தத் தொகுப்பில் தமிழுக்கு இடமில்லை. இடமில்லாத ஒவ்வொரு குறியும் ஒரு கேள்விக்குறியாக மாறிவிட்டது. 'நெல்' நம் கண்ணுக்கு இரண்டெழுத்து. கணினிக்கோ ந, கொம்பு, ல, புள்ளி என நான்கு குறிகள். அதனால்தான் நான்கு கேள்விக்குறிகள். வேறு சில அமைப்புகளில் தரவுத்தளம் இதை ஏற்க மறுத்து, POST-இன்போதே 500 என்ற பிழை வந்துவிடும். அப்போது தவறு உடனே தெரிந்துவிடுவதால் அது ஒருவகையில் நல்லது.

கேள்விக்குறியான தலைப்பை மீட்க வழியில்லை. சேமிப்பில் இருப்பதே கேள்விக்குறிகள்தான். அட்டவணையையும், சர்வீஸ் தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பையும் utf8mb4 முறைக்கு மாற்றிவிட்டு, புத்தகத்தை மறுபடி சேர்க்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் 8.0 முதல் அதுவே இயல்பு. தலைப்பாக ஆங்கிலத்தில் ஏதோ ஒரு சொல்லை அடித்துச் சோதித்திருந்தால் இந்தப் பிழை கடைசிவரை கண்ணில் பட்டிருக்காது. நாளை உண்மையான வாசகர் என்ன அடிப்பாரோ, அதையே இன்று சோதிப்பவரும் அடிக்க வேண்டும்.

அடுத்து, வேண்டுமென்றே தப்பாக அனுப்ப வேண்டும். பிரதிகள் −3 என்று அனுப்புங்கள். நல்ல சர்வீஸ் 400 என்று மறுத்து, எது தவறு என்றும் சொல்லும். 201 வந்தால் சரிபார்ப்பு நடக்கவில்லை என்று அர்த்தம். ஸ்பிரிங் பூட்டில் இதற்கு அடிக்கடி காணும் காரணம், விதியை வகுப்பில் எழுதிவிட்டு, கோரிக்கையை வாங்கும் இடத்தில் `@Valid` என்று போட மறந்திருப்பது. விதி இருக்கும், யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். பிறகு, இல்லாத எண்ணான 99999-ஐ GET-இல் கேளுங்கள். வர வேண்டியது 404. 500 வந்தால், புத்தகம் இல்லாத நிலைக்கு நிரலில் வழியே செய்யவில்லை. 400-இல் தொடங்கும் எண்கள் கேட்டவரின் தவறைச் சொல்பவை, 500-இல் தொடங்குபவை சர்வீஸின் தவறைச் சொல்பவை. கேட்டவர் தவறு செய்யும்போது சர்வீஸ் தன் தவறாக 500 சொன்னால், அதுவே பதிவு செய்ய வேண்டிய பிழை.

இவற்றையெல்லாம் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. GET கோரிக்கையின் Scripts பகுதியில், Post-response என்ற இடத்தில் இதை எழுதி வைக்கலாம்:

```
pm.test("தலைப்பு சிதையவில்லை", () => {
  pm.expect(pm.response.json().title)
    .to.eql("நெல் சாகுபடி");
});
```

இனி ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் போஸ்ட்மேனே ஒப்பிட்டு, தேறியதா இல்லையா என்று காட்டும். எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே கலெக்‌ஷனாகச் சேர்த்து வைத்தால், நிரல் மாறும்போதெல்லாம் முழுவதையும் வரிசையாக ஓட்டிவிடலாம்.

போஸ்ட்மேனால் காட்ட முடியாத ஒன்றும் இருக்கிறது. ஓர் இணையப் பக்கம் வேறு முகவரியில் உள்ள சர்வீஸை அழைத்தால், அந்த சர்வீஸ் அனுமதி தந்திருக்கிறதா என்று பார்த்த பின்பே பிரௌசர் பதிலைப் பக்கத்திடம் கொடுக்கும். போஸ்ட்மேன் பிரௌசர் அல்ல, இந்த விதி அதைக் கட்டுப்படுத்தாது. 'போஸ்ட்மேனில் வருகிறது, பக்கத்தில் வரவில்லை' என்ற புகார் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது இந்த அனுமதியைத்தான்.

இன்டர்னாகப் போகிறவர்கள் இதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு POST-க்குப் பின்னும் ஒரு GET, ஒவ்வொரு சரியான கோரிக்கைக்கும் இணையாகத் தவறான ஒன்று. பிழை கண்டால், அனுப்பியது என்ன, வந்தது என்ன, வந்திருக்க வேண்டியது என்ன என்ற மூன்றையும் எழுதிக் கொடுங்கள். நிரல் எழுதியவர் அதை வைத்தே பிழையைத் தன் கணினியில் வரவழைத்துத் திருத்திவிடலாம்.