யோசிச்சது போதும்

டீ ஆறுவதற்குள் ஒரே ஒரு விளம்பர வாசகத்தைத் தமிழில் கொண்டுவந்து பார்ப்போம். நைக்கியின் 'ஜஸ்ட் டூ இட்'. 1988இல் டான் வைடன் எழுதியது. அந்த வரிசையின் முதல் விளம்பரத்தில் வந்தவர் பெரிய வீரர் இல்லை. வால்ட் ஸ்டாக் என்ற 80 வயதுக்காரர், கோல்டன் கேட் பாலத்தில் சட்டை போடாமல் ஓடிக்கொண்டிருப்பார். எழுத உட்காரும் முன் பார்க்கவேண்டியது இதைத்தான். வாசகம் யாரிடம் பேசுகிறது? 'நாளையிலிருந்து ஓடணும்' என்று தள்ளிப்போடுகிற நம்மிடம்.

இப்போது சொல்லுக்குச் சொல் போட்டால் 'சும்மா அதைச் செய்'. 'சும்மா' என்றதும் வேலைவெட்டி இல்லாமல் என்ற பொருள் வந்து குந்திக்கொள்கிறது. 'அதை' என்றால் எதை என்று கேட்கத் தோன்றும். சரி, இரண்டையும் விட்டுவிட்டு 'செஞ்சிடு' என்றால்? சுருக்கம்தான், வேகமும் இருக்கிறது. ஆனால் சென்னைப் பேச்சில் ஒருவனைச் 'செஞ்சிடுறது' என்றால் அடித்துத் துவைப்பது. செருப்புக் கம்பெனிக்கு அந்த வம்பு எதற்கு!

அடுத்த சிக்கல் மரியாதை. ஆங்கில ஏவலுக்கு வயது கிடையாது. தமிழில் 'செய்' என்றால் பெரியவருக்கு உறுத்தும். 'செய்யுங்கள்' என்றால் வங்கி அறிவிப்பு. 'இறங்கு' நல்ல சொல்தான், களத்தில் இறங்குகிற வேகம் அதில் உண்டு. ஆனால் அதையே பேருந்தின் முதுகில் எழுதிப் பாருங்கள், கண்டக்டர் சொன்ன மாதிரி இருக்கும். விளம்பரம் எங்கே ஒட்டப்படும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

ஆகவே ஏவலையே கைவிடலாம். தள்ளிப்போடுகிறவனிடம் வீட்டில் என்ன சொல்வோம்? 'யோசிச்சது போதும்.' நீயும் இல்லை, நீங்களும் இல்லை. பேரனுக்கும் சொல்லலாம், தாத்தாவுக்கும் சொல்லலாம். 'டூ'வும் இல்லை, 'இட்'டும் இல்லை, ஆனால் முதுகில் தட்டி அனுப்புகிற அந்தக் கை இருக்கிறது. 'யோசித்தது' என்று திருத்திவிடாதீர்கள், வாத்தியார் குரல் வந்துவிடும். இதிலும் ஒரு குறை உண்டு: மூலத்தில் இல்லாத லேசான அதட்டல் ஒட்டிக்கொண்டது. ஓடுகிற கிழவர் படத்தின் கீழே போட்டால் அது சிரிப்பாக மாறும்; வெறும் காலணிப் படத்தின் கீழே கடுகடுப்பாகத் தெரியும்.

வாடிக்கையாளருக்குத் தமிழ் தெரியாது என்றால், இதை ஆங்கிலத்தில் திருப்பி எழுதிக் கேட்பார். படித்ததும் 'எங்கள் வாசகம் எங்கே?' என்பார். அதனால் நேர்ப்பொருளோடு, யார் யாரிடம் எந்தத் தொனியில் இதைச் சொல்வார்கள் என்று இரண்டு வரி சேர்த்தே அனுப்பவேண்டும். கூடவே மாற்றாக இன்னொன்றும், 'இறங்கிடலாம்' மாதிரி. அவர் எதையும் ஏற்காமல் ஆங்கிலத்தையே அப்படியே வைத்துக்கொள்ளவும் கூடும். உலகம் முழுக்கப் பழகிய முத்திரை வாசகத்துக்கு அது ஒன்றும் தப்பான முடிவில்லை. அப்போது தமிழுக்கு வேலை, கீழே வருகிற வரியில்.