நிழல் பக்கங்கள்: ஒற்றைச் சுட்டியின் அழகும் விலையும்

குமரன் கணக்கில் 12,000 ரூபாய் இருக்கிறது, செல்வி கணக்கில் 3,000. குமரன் செல்விக்கு 5,000 ரூபாய் அனுப்புகிறார். கணினிக்கு இது இரண்டு வேலை: ஒரு கணக்கில் கழிக்க வேண்டும், இன்னொன்றில் கூட்ட வேண்டும். கழித்த பிறகு, கூட்டுவதற்குள் மின்சாரம் போய்விட்டால் 5,000 ரூபாய் யாரிடமும் இல்லாமல் போய்விடும். கணினி மறுபடி உயிர்பெறும்போது அந்தப் பணம் பழைய இடத்திலோ புதிய இடத்திலோ முழுதாக இருக்க வேண்டும். தரவுத்தளம் எழுதுகிறவர்கள் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் இது.

இதற்குப் பரவலாக இருக்கும் தீர்வு வணிகவியல் படித்தவர்களுக்குப் பழகியதுதான். பேரேட்டில் கை வைப்பதற்கு முன் குறிப்பேட்டில் எழுதிவிடுவது. ஆங்கிலத்தில் 'லாக்' என்று சொல்லப்படும் இந்தக் குறிப்பேட்டில், "குமரன் கணக்கு: பழைய தொகை 12,000, புதிய தொகை 7,000" என்பது போன்ற வரி முதலில் வட்டில் பதியும். அசல் பக்கத்தைப் பிறகு சாவகாசமாகத் திருத்திக்கொள்ளலாம். இடையில் கணினி நின்றுபோனால், எழுந்ததும் குறிப்பேட்டைப் படித்து, முடிந்த பரிவர்த்தனைகளை மறுபடி செய்து, பாதியில் நின்றவற்றை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நம்பகமான முறைதான். ஆனால் இந்தப் படிப்பும் திருத்தமும் நேரம் பிடிக்கும். அதற்கான நிரலைப் பிழையில்லாமல் எழுதுவதும் கடினம்.

குறிப்பேடே இல்லாமல் இதைச் சாதிக்க முடியாதா? 1977இல் ஐபிஎம் ஆய்வாளர் ரேமண்ட் லோரி விரிவாக எழுதிய வழி ஒன்று உண்டு. அதன் பெயர் நிழல் பக்க முறை.

தரவுத்தளம் வட்டில் சம அளவுள்ள பக்கங்களாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் 4,096 பைட் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பக்கம் வட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஒரு பக்க அட்டவணை சொல்லும். குமரனின் கணக்கு 2ஆம் பக்கத்தில். அட்டவணைப்படி அது வட்டின் 40ஆம் இடத்தில் இருக்கிறது. செல்வியின் கணக்கு 5ஆம் பக்கத்தில். அது 77ஆம் இடத்தில். அந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல, வட்டில் மாறாத ஓரிடத்தில் ஒற்றைச் சுட்டி ஒன்று இருக்கும். தரவுத்தளத்துக்குள் நுழைய அதுதான் ஒரே வாசல்.

பணம் மாறும்போது 40ஐயும் 77ஐயும் யாரும் தொடுவதில்லை. திருத்திய 2ஆம் பக்கம் காலியாக இருக்கும் 91ஆம் இடத்தில் எழுதப்படுகிறது, திருத்திய 5ஆம் பக்கம் 92இல். பிறகு "2 என்றால் 91, 5 என்றால் 92" என்று சொல்லும் புதிய அட்டவணை வேறோர் இடத்தில் எழுதப்படுகிறது. இவையெல்லாம் வட்டில் உறுதியாகப் பதிந்துவிட்டன என்று தெரிந்த பிறகே கடைசி வேலை: வாசலில் உள்ள சுட்டியைப் பழைய அட்டவணையிலிருந்து புதியதற்குத் திருப்புவது. பரிவர்த்தனை நிறைவேறுவது அந்த நொடியில்தான். அதுவரை கைபடாமல் காத்திருந்த பழைய பக்கங்களுக்குத்தான் 'நிழல்' என்று பெயர். புதிய பிரதியே நிழல் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அது அப்படியல்ல.

இப்போது மின்சாரத்தை எங்கே வேண்டுமானாலும் துண்டித்துப் பாருங்கள். 91 மட்டும் எழுதி 92 எழுதாத நேரமா? சுட்டி பழைய அட்டவணையைத்தான் காட்டுகிறது. குமரனிடம் 12,000, செல்வியிடம் 3,000. புதிய அட்டவணை பாதி எழுதப்பட்ட நேரமா? அப்போதும் அதேதான். சுட்டி திரும்பிய மறுகணமா? 7,000, 8,000. மீட்பதற்கென்று எழுந்ததும் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. எதையும் படிக்க வேண்டாம், திருத்த வேண்டாம்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. எழுதும் வரிசை பிசகக் கூடாது. வேகத்துக்காக வட்டுகள் எழுத வந்ததைத் தம் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, வரிசை மாற்றி எழுதுவதுண்டு. பக்கங்கள் பதிவதற்கு முன் சுட்டி பதிந்துவிட்டால், வாசல் இல்லாத வீட்டைக் காட்டும். அதனால்தான் சுட்டியைத் தொடுவதற்கு முன் "எல்லாம் பதிந்துவிட்டதா" என்று வட்டை நிறுத்திக் கேட்கும் `fsync` போன்ற கட்டளை கட்டாயமாகிறது.

இவ்வளவு எளிய முறை ஏன் உலகை ஆளவில்லை? அழகுக்குக் காரணமான அந்த ஒற்றைச் சுட்டியே குறைகளுக்கும் காரணம்.

முதல் குறை, பலர் ஒரே நேரத்தில் எழுதும்போது தெரியும். முருகன் என்பவரின் கணக்கும் குமரனின் அதே 2ஆம் பக்கத்தில் இருக்கிறது. முருகன் ஒரு பரிவர்த்தனையின் நடுவில் இருக்கிறார், அவருடைய பாதி வேலை 91ஆம் இடத்தில் ஏறிவிட்டது. இப்போது குமரனின் வேலை முடிந்து சுட்டி திரும்புகிறது. ஒரே சுட்டி என்பதால் குமரனோடு முருகனின் அரைகுறை வேலையும் சேர்ந்து உறுதியாகிவிடும். அடுத்த நொடி மின்சாரம் போனால் முருகனுடையதைத் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே, ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் அந்தப் பக்கத்தைத் தொடக் கூடாது என்று பூட்ட வேண்டும். அல்லது எழுதுபவர் ஒருவர்தான் என்று விதிக்க வேண்டும். அல்லது கடைசியில் குறிப்பேட்டையே கூப்பிட வேண்டும்.

இரண்டாவது, அட்டவணையின் பருமன். ஆறு பக்கத் தரவுத்தளத்தில் அட்டவணையை முழுதாகப் படியெடுப்பது ஒன்றுமில்லை. ஒரு டெராபைட் தரவை 4,096 பைட் பக்கங்களாகப் பிரித்தால் ஏறக்குறைய 26.8 கோடி பக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் 8 பைட் முகவரி என்றால் அட்டவணை மட்டுமே 2 ஜிகாபைட். 5,000 ரூபாய் கைமாறியதற்காக அதை மறுபடி எழுத முடியாது. மாறிய பகுதியை மட்டும் எழுதும் தந்திரங்கள் வேண்டும். அப்போதும் ஒரு சிறு மாற்றத்துக்கு முழுப் பக்கங்களை எழுதியாக வேண்டும். குறிப்பேட்டு முறையில் ஒரு பரிவர்த்தனையை உறுதிசெய்ய, சில வரிகளை ஏட்டின் கடைசியில் சேர்த்தால் போதும். பலருடைய வரிகளைச் சேர்த்து ஒரே மூச்சில் பதிந்துவிடவும் முடியும்.

மூன்றாவது, சிதறல். தொடக்கத்தில் அடுத்தடுத்துக் கிடந்த பக்கங்கள் ஒவ்வொரு திருத்தத்துக்கும் இடம் மாறி, நாளடைவில் வட்டு முழுவதும் தெறித்துக் கிடக்கும். அடுத்தடுத்துக் கிடக்கும் ஆயிரம் பக்கங்கள், அதாவது நான்கு மெகாபைட், நொடிக்கு 100 மெகாபைட் படிக்கும் சுழல்வட்டில் 0.04 நொடியில் வந்துவிடும். அவையே ஆயிரம் மூலைகளில் கிடந்தால், ஒவ்வொரு தாவலுக்கும் 10 மில்லிநொடி என்று வைத்தாலும் 10 நொடி ஆகும். எஸ்எஸ்டி இந்த வலியைப் பெரிதும் குறைத்திருக்கிறது. ஆனால் இந்த முறை பிறந்த காலத்தில் சுழல்வட்டுதான் இருந்தது.

நான்காவதைப் பலரும் கவனிப்பதில்லை. நிழல் பக்கத்துக்கு வரலாறு இல்லை. ஞாயிறு இரவு தரவுத்தளத்தை பேக்கப் எடுத்தோம், புதன்கிழமை வட்டே எரிந்துபோனது. குறிப்பேடு வேறு வட்டில் பத்திரமாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமைப் பிரதியின் மேல் மூன்று நாள் வரிகளை வரிசையாக ஓட்டி, புதன்கிழமை நிலைக்கு வந்துவிடலாம். நிழல் முறையிடம் இருப்பதோ இன்றைய நிலையும் சற்று முந்தைய நிலையும்தான். அவை இரண்டும் எரிந்த வட்டிலேயே இருந்தன. மின்வெட்டுக்கு இது மருந்து, வட்டின் சாவுக்கு அல்ல.

இவற்றை அனுபவித்தே கற்றவர்கள் லோரியின் சகாக்கள். 1970களில் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஐபிஎம் கட்டிய 'சிஸ்டம் ஆர்' என்ற ஆய்வுத் தரவுத்தளம் நிழல் பக்கங்களைக் கையாண்டது. எஸ்க்யூஎல் மொழி பிறந்ததும் அந்தத் திட்டத்தில்தான். ஒரே பக்கத்தில் பலர் எழுதும் சிக்கலால் அங்கே குறிப்பேடும் வேண்டியிருந்தது. இடையிடையே எடுக்கும் நிலைப்படத்துக்கு நிழல், தனித்தனிப் பரிவர்த்தனைகளுக்குக் குறிப்பேடு என்று இரண்டும் சேர்ந்து ஓடின. ஆக, இரண்டின் செலவும் தலையில் விழுந்தது. திட்டத்தை 1981இல் திரும்பிப் பார்த்தவர்கள், குறிப்பேட்டோடு பக்கத்தை அதே இடத்தில் திருத்தும் முறையே மேலாக இருந்திருக்கும் என்ற பக்கம் சாய்ந்தார்கள். ஐபிஎம் பின்னர் வெளியிட்ட பெரிய தரவுத்தளமான டிபி2 அந்த வழியில்தான் போனது. அந்த வழிக்கு இலக்கணம் வகுத்த 'ஏரிஸ்' முறை 1992இல் வெளியானது. அதன் முதன்மை ஆசிரியர் சென்னை ஐஐடியில் படித்த சி. மோகன். நிழல் பக்கத்தை மனத்தில் வைத்து சிஸ்டம் ஆர் வகுத்த சில மீட்புப் பழக்கங்கள் குறிப்பேட்டு முறைக்கு ஏன் ஒத்துவராது என்று அந்தக் கட்டுரை தனியாகவே விளக்குகிறது.

ஆனால் நிழல் மறைந்துவிடவில்லை. 2011இல் ஓப்பன்எல்டாப் திட்டத்துக்காக ஹோவர்ட் சூ உருவாக்கிய எல்எம்டிபி என்ற சிறிய தரவுத்தளம் அதே எண்ணத்தின் வழித்தோன்றல். அங்கே தனி அட்டவணை இல்லை. தரவு இருக்கும் கிளைமரமே அட்டவணை. ஓர் இலையைத் திருத்தினால், அதிலிருந்து வேர்வரை உள்ள பக்கங்கள் மட்டும் புதிதாக எழுதப்படும். மரம் நான்கு அடுக்கு என்றால் நான்கு பக்கங்கள், 16 கிலோபைட். வேரைக் காட்டும் சுட்டிப் பக்கங்கள் இரண்டு. மாறி மாறி ஒன்றில் எழுதுவதால், ஒன்று எழுதும்போது சிதைந்தாலும் மற்றது பிழைத்திருக்கும். மேலே சொன்ன முதல் குறையை அது நேராகவே ஏற்றுக்கொள்கிறது: ஒரு நேரத்தில் எழுதுபவர் ஒருவர்தான். படிப்பவர்கள் எத்தனை பேரும் இருக்கலாம். அவர்களுக்குப் பூட்டு இல்லை.

அங்கேயும் நிழலுக்கு ஒரு விலை உண்டு. யாரோ ஒருவர் படிக்கத் தொடங்கிவிட்டு முடிக்காமல் விட்டால், அவர் பார்த்துக்கொண்டிருக்கும் பழைய பக்கங்களை மறுபடி பயன்படுத்த முடியாது. 40உம் 77உம் அவருக்காகக் காத்திருக்கும். தரவு பெருகாமலே கோப்பு வீங்கி, ஒருநாள் எழுதும் நிரல் `MDB_MAP_FULL` என்று சொல்லி நின்றுவிடும். சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டியவை இவை:

```
mdb_stat -ef தரவுக்_கோப்புறை
mdb_stat -rr தரவுக்_கோப்புறை
```

முதல் கட்டளை எத்தனை பக்கங்கள் பயன்பாட்டில், எத்தனை விடுவிக்கப்பட்டவை என்று காட்டும். இரண்டாவது, படித்துக்கொண்டிருப்பவர்களின் பட்டியலைத் தந்து, செத்துப்போன நிரல்கள் விட்டுச்சென்ற பெயர்களையும் நீக்கும். ஒரு படிப்பாளரின் பரிவர்த்தனை எண் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தால், வீக்கத்துக்குக் காரணம் அவர்தான்.

எழுதுபவர் ஒருவர், படிப்பவர் பலர், கணினி விழுந்தால் உடனே எழ வேண்டும் என்ற இடங்களில் நிழல் பக்கம் இன்றும் நல்ல தேர்வு. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பணம் அனுப்பும் வங்கியில், ஒற்றை வாசலில் எல்லாரும் வரிசை கட்டி நிற்க முடியாது. அங்கே குமரனின் 5,000 ரூபாய்க்கும் குறிப்பேட்டில்தான் முதல் வரி.