பதினெட்டு இலட்சம் என்பது விற்பனையா, இலாபமா?

மன்னாரில் ஒரு சிறு கணக்கு நிறுவனம் தன்னைப் பற்றி விளம்பரம் போட்டால், அதை யாரும் நின்று படிக்கப்போவதில்லை. வியாபாரி ஏற்கெனவே மனதில் வைத்திருக்கும் கேள்விக்குப் பதில் எழுதினால் படிப்பார்கள். உள்ளடக்கச் சந்தைப்படுத்தல் என்று இதைத்தான் சொல்கிறார்கள். எந்தக் கேள்வியை எடுப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

பேசாலைக் கருவாட்டு வியாபாரி ஒருவரைக் கற்பனை செய்வோம். "வருசத்துக்குத் தொண்ணூறு இலட்சத்துக்கு வித்திருக்கன். பதினெட்டைத் தாண்டிட்டுதே, வரி வருமா?" என்கிறார். 2025/26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து தனிநபர் வரிவிலக்கு 18 இலட்சம் ரூபாய். ஆனால் அந்த எல்லை விற்பனைக்கு அல்ல, செலவு கழித்த வருமானத்துக்கு. மீன் வாங்கியது 60 இலட்சம், உப்பு, கூலி, லொறி 13 இலட்சம் என்றால் மிஞ்சுவது 17 இலட்சம். வேறு வருமானம் இல்லையென்றால் வருமான வரி இல்லை.

சிக்கல் கரையில் இருக்கிறது. தோணியடியில் வாங்கும் மீனுக்குப் பில் கிடைக்காது. அப்படி 7 இலட்சத்துக்கு ஆதாரம் இல்லாமல் அந்தச் செலவு ஏற்கப்படாவிட்டால் வருமானம் 24 இலட்சமாகிவிடும். மேலதிகமான 6 இலட்சத்துக்கு 6 சதவீதப்படி 36,000 ரூபாய் வரி. இதற்கு ஒரு சிறு பற்றுச்சீட்டுப் புத்தகம் பேருதவி: திகதி, மீன், கிலோ, விலை, விற்றவரின் பெயரும் கையொப்பமும். இதை முழுதாக விளக்கி, மாதிரிச் சீட்டையும் சேர்த்து ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமாகவோ வாட்ஸ்அப் படமாகவோ கொடுக்கலாம். பாதியைச் சொல்லிவிட்டு "மீதிக்கு எங்களிடம் வாருங்கள்" என்று எழுதினால், அடுத்ததை யாரும் திறக்க மாட்டார்கள்.

எப்போது எழுதுவது என்பதை நாட்காட்டி சொல்லும். ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது, வரி விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. சீட்டைப் பற்றி நவம்பரில் சொல்லிப் பயனில்லை, அந்த ஆண்டின் கொள்வனவெல்லாம் முடிந்திருக்கும். அது ஏப்ரலில் வர வேண்டும். முதல் தவணை ஆகஸ்ட் 15 என்பதால் தவணைக் கணக்கு யூலையிலும், சேர்க்க வேண்டிய ஆவணங்கள் செப்டெம்பரிலும் வரலாம்.

இரண்டு இடத்தில் இந்த முயற்சி கெட்டுப்போகும். முந்தைய எல்லை 12 இலட்சம். அந்தக் காலத்துப் படம் இன்னும் கைமாறிக்கொண்டிருந்தால் அதை எழுதியவர் மேலுள்ள நம்பிக்கை போய்விடும். ஆகவே ஒவ்வொன்றிலும் மதிப்பீட்டு ஆண்டைப் பெரிதாகப் போட வேண்டும். மற்றது இரகசியம். பெயரை மறைத்தாலும் "தலைமன்னாரில் பெரிய நண்டு வாடிக்காரர்" என்றால் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். வாடிக்கையாளரின் கதையை எடுக்காமல், எண்களையும் தொழிலையும் புதிதாகப் புனைவதே சரி.

பலன் விருப்பக்குறி எண்ணிக்கையில் தெரியாது. "எவ்வளவு எடுப்பீங்க?" என்று கேட்டவர்கள், "நீங்க சொன்ன மாதிரிச் சீட்டு எழுதி வைச்சிருக்கன், சரியா எண்டு பாக்கிறீங்களா?" என்று கேட்கத் தொடங்குவார்கள்.